சத்தி, தலையிடி, சிவந்த வலக் கண்: மட்டக்களப்பிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

அறுபத்திரண்டு வயது அம்மா ஒருவர், கொக்கட்டிச்சோலைப் பக்கம். நீரிழிவு இல்லை, ஆஸ்துமா இல்லை, பிரஷருக்கு மட்டும் ஒரு குளிசை. தூரப் பார்வைக்கும் கிட்டப் பார்வைக்கும் தடித்த கண்ணாடி போடுகிறவர். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோயின் போக்கிலும் அளவுகளிலும் கை வைக்கவில்லை.

முதல்நாள் மாலை கரண்ட் போயிருந்தது. விளக்கு வெளிச்சத்தில் குனிந்திருந்து சுளகில் அரிசிக்குக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாராம். ஏழரை மணி போல வலப் பக்க நெற்றி இடிக்கத் தொடங்கியது. எட்டு மணிக்குள் வலி கண்ணுக்குள் இறங்கிவிட்டது. ஒன்பது மணிக்கு முதல் சத்தி. அதற்குப் பிறகு வீட்டில் யாரும் கண்ணைப் பற்றிப் பேசவே இல்லை. மத்தியானம் சாப்பிட்ட மீன்தான் சரியில்லை என்று முடிவாகி, கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார்கள். அதுவும் வெளியே வந்துவிட்டது.

பத்தரை மணிக்குப் பக்கத்திலிருந்த தனியார் மருந்தகமொன்றில் காட்டினார்கள். அங்கே பிரஷர் 180/100. சத்திக்கு ஓர் ஊசி, வயிற்றுப் பிடிப்புக்கு ஓர் ஊசி, கேஸ்ட்ரிக் குளிசை, பிரஷர் குளிசையைக் கூட்டிப் போடச் சொல்லி ஆலோசனை. ‘பிரஷர் தலைக்கேறின தலையிடி, படுத்தெழும்பினாச் சரி’ என்று சொல்லி அனுப்பினார்களாம். வீட்டுக்கு வந்து யன்னலையெல்லாம் சாத்தி, அறையை இருட்டாக்கிப் படுக்கவைத்தார்கள். விடியும்போது கண் சிவந்திருந்ததைக் கண்ட மாமி ஒருவர் நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விட்டார். காலையில் சத்தி நிற்காததால் ஓர் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். அங்கிருந்த மிஸ்ஸி ஒருவர் கண்ணைப் பார்த்துவிட்டு ‘இது வயித்து வருத்தமில்ல’ என்று டொக்டரைக் கூட்டிவந்ததால்தான் எங்கள் கண் பிரிவுக்கு வந்து சேர்ந்தார். அப்போது பகல் பதினொன்றரை. வலி தொடங்கிப் பதினாறு மணித்தியாலம்.

ஒரு கையில் சத்தி எடுக்கும் பை, மறுகையால் வலக் கண்ணைப் பொத்திக்கொண்டு வீல்செயாரில் இருந்தார். “கண்ணக் கழட்டி எடுத்துப் போடுங்க மனே, இந்தக் குத்துத் தாங்கேலாது” என்றார். அறுபது வருடம் பழகிய கண்ணைக் கழற்றச் சொல்கிற வலி சாதாரணக் கண்நோயில் வராது. வெண்படலத்தில் வரும் கண்நோய் அரிக்கும், உறுத்தும், பீளை தள்ளும். ஆளைச் சுருட்டி மடக்காது.

கண்டது என்ன

வலக் கண்ணால் முகத்துக்கு முன்னால் அசையும் கை மட்டும் தெரிந்தது. விரல்களை எண்ண முடியவில்லை. இடக் கண்ணில் கண்ணாடியுடன் 6/9. வலக் கண் சிவப்பு கருவிழியைச் சுற்றித்தான் அதிகம், ஓரத்துக்குப் போகப் போகக் குறைந்தது. கருவிழி மூச்சுப்பட்ட கண்ணாடிபோல மங்கிக் கிடந்தது. உள்ளே பார்த்தால் கண்மணி நடுத்தர அளவில், ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீற்றருக்கு விரிந்து, வட்டமாக இல்லாமல் மேலும் கீழுமாகச் சற்று நீண்டிருந்தது. டோர்ச் அடித்தால் சுருங்கவில்லை. கருவிழிக்கும் அதன் பின்னாலிருக்கும் நிறத்திரைக்கும் இடையில் இருக்க வேண்டிய இடைவெளி கிட்டத்தட்டத் தெரியவே இல்லை.

கருவியில் அளந்தபோது வலக் கண்ணின் அழுத்தம் 62 மில்லிமீற்றர் பாதரசம். இடக் கண்ணில் 18. சாதாரணமாக 10க்கும் 21க்கும் இடையில் இருக்கும்.

கருவியைத் தொடும் முன்பே விடை தெரிந்திருந்தது. அவரைக் கீழே பார்க்கச் சொல்லிவிட்டு, மூடிய மேலிமையின் மேல் இரண்டு சுட்டுவிரல்களையும் வைத்து மாறி மாறி மெல்ல அழுத்தினேன். இடக் கண் விரலுக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தது. வலக் கண் கொடுக்கவில்லை. இதற்குச் சிறப்புக் கருவி ஏதும் வேண்டாம். எந்த டிஸ்பென்சரியிலும், ஒரு நிமிடத்துக்குள், மற்றக் கண்ணோடு ஒப்பிட்டுச் செய்யலாம். கண்ணில் அடிபட்டிருந்தால் மட்டும் செய்யக் கூடாது. அழுத்தம் 30 அல்லது 35 என்று இருக்கும்போது விரல் ஏமாற்றும். ஆனால் 60ல் ஏமாற்றுவது மிக அரிது. அரைநாளைக் காப்பாற்ற அது போதும்.

நோயின் பெயர்: கோணம் திடீரென்று அடைபட்டதால் வந்த குளுக்கோமா. குளுக்கோமா என்றால் வலியில்லாமல் வருடக்கணக்கில் பார்வையைத் தின்னும் நோய் என்றுதான் பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். அதுவும் உண்மைதான், ஆனால் அது பெரும்பாலும் கோணம் திறந்தபடியே இருக்கும் வேறொரு வகை. இது மணிக்கணக்கில் செய்கிற வேலை.

கோணம் எப்படி அடைபடுகிறது

கண்ணின் முன்பகுதியில் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் ஊறிக்கொண்டிருக்கிறது. நிறத்திரைக்குப் பின்னால் சுரந்து, கண்மணி வழியாக முன்னறைக்கு வந்து, கருவிழியும் நிறத்திரையும் சந்திக்கும் ஓரக் கோணத்தில் இருக்கும் வலைபோன்ற திசுவூடாக வெளியேறுகிறது. நிமிடத்துக்கு இரண்டரை மைக்ரோலீற்றர் அளவுதான், கண்ணீர்த் துளியைவிட மிகச் சிறிது. வெளியேறும் வழி அடைபட்டால் அந்தக் கொஞ்சமே போதும், அழுத்தம் மணிக்கணக்கில் மூன்று மடங்காகிவிடும்.

இந்த அம்மாவின் கண் பிறப்பிலேயே சற்றுக் குட்டையானது. அதற்குத்தான் அந்தத் தடித்த பிளஸ் கண்ணாடி. குட்டைக் கண்ணில் வில்லை இருக்கும் இடமும் நெருக்கம். வயது போகப் போக வில்லை தடித்து முன்னே வரும். நிறத்திரையின் விளிம்பு வில்லையோடு ஒட்டி உரசும். நீர் கண்மணியூடாக வரக் கஷ்டப்படும். பின்னால் தேங்கும் நீர் நிறத்திரையை முன்னே தள்ள, அது காற்றுப் பிடித்த தோணிப் பாயைப் போல உப்பிப் போய் ஓரத்துக் கோணத்தை அடைத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு உள்ளே வருவதற்கு வழி உண்டு, வெளியே போவதற்கு இல்லை.

கண்மணி முழுதாகச் சுருங்கியிருந்தாலும், முழுதாக விரிந்திருந்தாலும் இந்த உரசல் குறைவு. நடுத்தரமாக விரிந்திருக்கும் நேரத்தில்தான் மிக அதிகம். மங்கல் வெளிச்சம் அதைத்தான் செய்கிறது. அதோடு குனிந்திருந்து கிட்டத்தில் பார்த்ததால் வில்லை இன்னும் கொஞ்சம் முன்னே வந்திருக்கும். கரண்ட் போன மாலை, விளக்கொளி, சுளகின் மேல் குனிந்த தலை, மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. பின்னர் இருட்டறையில் படுக்கவைத்ததும் அதே தவறான திசையில்தான் வேலை செய்தது. ஒற்றைத் தலைவலிக்காரருக்கு இருட்டு ஆறுதல், இவருக்கு அது கண்மணியை விரித்துவைக்கும் மருந்து மாதிரி. வெளிச்சமுள்ள அறையில் மல்லாந்து படுத்திருந்தால் வில்லை பின்னால் சாய ஓரளவாவது இடம் கிடைத்திருக்கும்.

ஊசி பற்றியும் சொல்ல வேண்டும். வயிற்றுப் பிடிப்புக்குப் போட்டது ஹயோசின். குடலின் பிடிப்பைத் தளர்த்துகிற அதே செயல் கண்மணியைச் சுருக்கும் தசையையும் தளர்த்தும். அடைப்பு ஏற்கனவே நடந்துவிட்ட கண்ணில் அது எவ்வளவு கெடுத்தது என்று அளந்து சொல்ல வழியில்லை, உதவி செய்யவில்லை என்பது மட்டும் நிச்சயம். இதே குணமுள்ள மருந்துகள் வீட்டுப் பெட்டியிலும் இருக்கின்றன. தடிமனுக்குப் போடும் குளோர்பெனிரமின், சில மனச்சோர்வுக் குளிசைகள், இழுப்புக்காரர் நெபுலைசரில் பிடிக்கும் இப்ராட்ரோப்பியம். கடைசியாகச் சொன்னது முகமூடியின் ஓரத்தால் கசிந்து நேராகவே கண்ணில் படும். குளுக்கோமா இருந்தால் பாவிக்க வேண்டாம் என்று இந்த மருந்துகளின் தாளில் அச்சடித்திருப்பதைப் பார்த்து, திறந்த கோணக் குளுக்கோமாவுக்குச் சொட்டு மருந்து விடுகிறவர்கள் பயந்து தடிமன் குளிசையையே தொடுவதில்லை. அந்த எச்சரிக்கை குறுகிய கோணக்காரருக்கானது. அவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தங்களுக்குக் கோணம் குறுகல் என்பதே தெரியாது. அதுதான் வில்லங்கம்.

வானவில் வளையங்கள்

வலி குறைந்த பிறகு மகளிடமும் அவரிடமும் ஆறுதலாகக் கேட்டேன். இதற்கு முன்பு ஏதாவது? முதலில் இல்லை என்றார்கள். லைட்டைச் சுற்றி வளையம் தெரிந்ததா என்று கேட்டதும் அந்த அம்மா நிமிர்ந்தார். வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் சடங்கில் இரவிருந்தபோது ட்யூப் லைட்டுகளைச் சுற்றிக் கலர் கலராக வட்டம் தெரிந்ததாம், உள்ளே நீலம், வெளியே சிவப்பு. வலப் பக்கம் மந்தமான தலையிடியும் கூட. நித்திரை முழிப்பு என்று நினைத்து வீட்டுக்குப் போய்ப் படுத்தார். விடியச் சரியாகிவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு மூன்று தரம், எல்லாம் மாலைக்குப் பிறகுதான்.

அழுத்தம் ஏறும்போது கருவிழி நீரை உறிஞ்சி வீங்குகிறது. அதன் மேற்படையில் நுண்ணிய நீர்த்திவலைகள் நிற்கும். வெளிச்சம் அவற்றினூடாக வரும்போது நிறம் பிரிந்து வளையமாகத் தெரிகிறது. அப்படிப் பார்த்தால் சடங்கிரவில் அவர் கண்டது நோயின் முதல் மணி. நித்திரை கொண்டதும் சரியானதற்கும் காரணம் உண்டு. நித்திரையில் கண்மணி நன்றாகச் சுருங்கும், உரசல் விடும், கோணம் திறக்கும். நித்திரையில் தானாக அடங்குவதாலேயே இந்தச் சின்னச் சின்னத் தாக்குதல்களை யாரும் பொருட்படுத்துவதில்லை.

புரை வளர்ந்தவருக்கும் லைட்டைச் சுற்றி ஒளிச் சிதறல் தெரியும். ஆனால் அது எப்போதும் தெரியும், பெரும்பாலும் நிறமிருக்காது. இது வரும், போகும். வரும்போது ஒரு கண்ணில், நிறத்தோடு, தலையிடியோடு, பார்வை புகைந்தபடி வரும். ஐம்பது தாண்டிய ஒருவர், அதிலும் பெண், அதிலும் பிளஸ் கண்ணாடிக்காரர் இப்படிச் சொன்னால் அடுத்த கிளினிக் நாளுக்குத் திகதி போட்டு அனுப்பாமல் அந்தக் கிழமையிலேயே கோணத்தைப் பார்த்துவிடுவது நல்லது. எங்களைப் போன்ற ஆசிய மக்களிடம் இந்த நோய் ஐரோப்பியரைவிட அதிகம். பெண்களின் கண் சராசரியாகச் சற்றுச் சிறியது என்பதால் அவர்களிடம் இன்னும் அதிகம்.

சத்தி எங்கே இருந்து வருகிறது

கண்ணின் வலியைக் கொண்டுபோகும் நரம்பு, மூளைத் தண்டில் வயிற்றை ஆளும் வேகஸ் நரம்பின் நிலையத்தோடு தொடர்புள்ளது. கண்ணுக்குள் அழுத்தம் வெடித்தேறும்போது அந்த வழியால் குமட்டலும் சத்தியும் வரும். சிலருக்கு நாடித்துடிப்பும் குறையும். வயிற்றில் எந்தக் குறையும் இருக்காது. இந்த அம்மாவின் வயிறும் மெத்தென்றுதான் இருந்தது, வயிற்றோட்டமும் இல்லை, அதே மீனைச் சாப்பிட்ட வீட்டுக்காரர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வயிற்றோட்டமில்லாத சத்தியோடு ஒரு பக்கத் தலையிடி என்றால் கண்ணைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். சத்தி எடுக்கிறவர் கண்ணை இறுக மூடிக்கொண்டிருப்பார் என்பதால் அது தவறிப்போவது மிகச் சுலபம்.

பிரஷரும் அப்படித்தான். இப்படி வலித்தால் யாருக்கும் 180க்கு ஏறும். வலிக்கு மருந்து கொடுத்தபோது மாலையில் அவருக்கு 140/85. எனக்கு இதில் ஒரு பயம் உண்டு. கண் நரம்புக்கு இரத்தம் போக வேண்டுமென்றால் அது கண்ணுக்குள் இருக்கும் 62 என்ற அழுத்தத்தை மீறிப் போக வேண்டும். அந்த நேரம் உடம்பின் பிரஷரை அவசரமாக இறக்கினால் நரம்புக்குப் போகிற கொஞ்ச இரத்தமும் குறையலாம். முதலில் கண் அழுத்தத்தையும் வலியையும் இறக்க வேண்டும், பிரஷர் பெரும்பாலும் தானாகப் பின்னால் வரும்.

இன்னொரு பக்கமும் தவறலாம். சத்தி, கடும் தலையிடி, உயர்ந்த பிரஷர், சுருங்காத கண்மணி: இந்த நான்கையும் தாளில் எழுதிப் பார்த்தால் மூளையில் இரத்தம் கசிந்த நோயாளி போலவே இருக்கும். அதற்கு ஸ்கேன் எடுக்க ஓடுவதும் நியாயம். வித்தியாசம் கண்ணில் இருக்கிறது. மூளைப் பக்க நரம்பு பாதிக்கப்பட்டால் கண் வெள்ளையாக, கருவிழி தெளிவாக, இமை தொங்கிப்போய், கண் வெளிப்பக்கம் விலகியிருக்கும். இங்கே கண் சிவந்து, கருவிழி மங்கி, பார்வை போய், கண் இறுகியிருக்கும். ஒற்றைத் தலைவலி என்று எழுதுவதற்கும் முன் ஒரு கேள்வி போதும், வாழ்க்கையில் முதல் தடவையா என்று. அறுபது வயதில் முதன்முதலாக வருகிற ஒற்றைத் தலைவலியை நான் அவ்வளவு லேசில் நம்புவதில்லை.

அழுத்தத்தை இறக்கியது

முதலில் மல்லாந்து படுக்கவைத்தோம். ஆஸ்துமா இல்லை, சல்ஃபா மருந்து ஒவ்வாமை இல்லை, சிறுநீரக நோய் இல்லை என்று கேட்டு உறுதிப்படுத்தினோம். அதன் பிறகு அசெட்டாசோலமைட் 500 மில்லிகிராம் நரம்பில். இது கண்ணுக்குள் நீர் ஊறுவதைக் குறைக்கும். குளிசையாகக் கொடுத்தால் ஒரு மணித்தியாலம் போல ஆகும், சத்தி எடுக்கிறவருக்குக் குளிசை நிற்கவும் நிற்காது. வலக் கண்ணில் டிமோலோல் 0.5 வீதம், பிரிமோனிடின் 0.2 வீதம், வீக்கத்துக்குப் பிரெட்னிசோலோன் 1 வீதச் சொட்டு. வலிக்கும் சத்திக்கும் தனித்தனி ஊசி. டிமோலோல் கண்ணில் விடுகிற சொட்டுத்தானே என்று யாரும் கவனக்குறைவாக இருக்கக் கூடாது, அது மூக்கு வழியாக இரத்தத்தில் கலந்து இழுப்புக்காரருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும்.

ஒரு மணித்தியாலம் கழித்து அழுத்தம் 48. போதாது. இதயச் செயலிழப்பு இல்லை, கிரியாட்டினின் சரி என்று பார்த்த பிறகு 20 வீத மெனிற்றோல் தொடங்கினோம். அவருடைய நிறை 52 கிலோ. கிலோவுக்கு ஒரு கிராம் என்று 52 கிராம், அதாவது 260 மில்லிலீற்றர், முக்கால் மணித்தியாலத்தில். இது இரத்தத்தைச் செறிவாக்கிக் கண்ணுக்குள்ளிருக்கும் நீரை வெளியே இழுக்கும். அதனாலேயே இதயம் பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோக்க வைக்கவும் கூடும். சிறுநீர் அடிக்கடி போகும், மல்லாந்து கிடக்கிற அம்மாவுக்கு பெட்பானை முன்கூட்டியே வைக்காவிட்டால் அவர் எழும்பி நடக்கப் பார்த்து விழுவார். பிற்பகல் மூன்றரைக்கு அழுத்தம் 29.

இப்போதுதான் பைலோகார்பின் 2 வீதச் சொட்டு. இது கண்மணியைச் சுருக்கி நிறத்திரையைக் கோணத்திலிருந்து இழுத்து எடுக்கும் மருந்து. முதலிலேயே விட்டிருக்கலாமே என்று பயிற்சி டொக்டர்மார் கேட்பார்கள். அழுத்தம் 50க்கு மேல் நிற்கும்போது கண்மணியைச் சுருக்கும் தசைக்கே இரத்தம் போவதில்லை. இரத்தமில்லாத தசை மருந்துக்கு அசையாது. அதனால் அழுத்தம் இறங்கத் தொடங்கிய பிறகு ஒரு துளி, கால் மணித்தியாலம் விட்டு இன்னொரு துளி. குடம் குடமாக ஊற்றினால் சத்தியும் வயிற்று வலியும்தான் கூடும்.

மாலை ஆறரைக்கு 19. அம்மா தேத்தண்ணி கேட்டார். விரல் நுனிகள் விறுவிறுக்கின்றன என்று முறையிட்டார், அது அசெட்டாசோலமைட்டின் வேலை, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னோம்.

மருந்தெல்லாம் பொருத்தமாக விழுந்தாலும் இது நோயின் ஓய்வுதான். கோணம் எந்த நேரமும் மறுபடி அடைக்கலாம். அடுத்த நாள் வலக் கருவிழி தெளிந்திருந்தது. கோணம் பார்க்கும் வில்லையை வைத்து இடக் கண்ணைப் பார்த்தேன். தாக்குதல் வராத அந்தக் கண்ணிலும் நான்கில் மூன்று பாகக் கோணம் ஒட்டும் நிலையிலேயே இருந்தது. ஒரு கண்ணில் தாக்கினால் மற்றக் கண்ணில் ஐந்து வருடத்துக்குள் வருவதற்கான வாய்ப்பு ஏறக்குறையப் பாதி. அதனால் இரண்டு கண்ணுக்கும் அன்றே யாக் லேசர்.

இமைக்குக் கீழே மறையும்படியாக நிறத்திரையின் மேற்பகுதியில், மெல்லிய இடமாகப் பார்த்து, ஒரு சின்னத் துளை. நான்காவது அடியில் துளை விழுந்தபோது நிறத்திரைக்குப் பின்னால் தேங்கியிருந்த நீர் கபில நிறத் தூளோடு சேர்ந்து புகையாகக் கிளம்பி முன்னறைக்கு வந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறத்திரை பின்வாங்கிச் சமமாகியது. இனி நீர் கண்மணியை நம்பி இருக்கத் தேவையில்லை. இடக் கண் இன்னும் சுலபமாக முடிந்தது. வலி, வெறும் ஒரு குத்து என்றார், நேற்றைய கண்ணோடு பார்த்தால் அதைக் கணக்கில் எடுக்க மாட்டேன் என்றும் சொன்னார்.

என்ன மிஞ்சியது

நான்கு கிழமை கழித்து வலக் கண் பார்வை 6/18. இடக் கண் 6/9, மாற்றமில்லை. வலக் கண்மணி இனிச் சுருங்காது. நீண்டிருந்த வடிவிலேயே நின்றுவிட்டது, அதனால் வெயிலுக்கு அந்தக் கண் கூசுகிறது. நிறத்திரையின் ஒரு துண்டு வெளிறிப்போயிருந்தது. வில்லையின் முன்பக்கத்தில் பால் சிந்தியதுபோல் வெண்புள்ளிகள், அவையும் அழுத்தம் விட்டுச்சென்ற வடுக்கள்தாம். நரம்பின் தலைப்பகுதி வெளுக்கத் தொடங்கியிருந்தது, பார்வைப் புலச் சோதனையில் மூக்குப் பக்கமாக ஒரு துண்டு இல்லை. அந்தத் துண்டு திரும்பி வராது. லேசரும் சொட்டும் மிச்சத்தைப் பாதுகாக்கும், போனதைக் கொண்டுவராது.

கோணத்தின் பாதியளவு நிரந்தரமாக ஒட்டிவிட்டது. ஒட்டுதல் மணிக்கணக்கிலேயே தொடங்கிவிடுகிறது, அதனால் துளை போட்ட பிறகும் வெளியேறும் வழி அரைகுறை. அழுத்தம் 24ல் நின்றதால் இரவுக்கு ஒரு சொட்டு எழுதினேன். அடுத்த மாதம் வலக் கண் வில்லையை எடுத்துச் செயற்கை வில்லை வைக்க ஏற்பாடு. புரை முற்றவில்லையே என்று மகள் கேட்டார். முற்றாவிட்டாலும் தடித்த வில்லையை எடுத்துவிட்டு மெல்லிய ஒன்றை வைத்தால் முன்னறை ஆழமாகும், ஒட்டாமல் மிஞ்சியிருக்கும் கோணம் திறந்தே நிற்கும்.

பதினாறு மணித்தியாலம் இல்லாமல் நான்கு மணித்தியாலத்தில் வந்திருந்தால் கண்மணி வட்டமாகவே இருந்திருக்கும் என்று சத்தியம் பண்ண முடியாது. வேகமாக வந்தும் நரம்பு கெட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒட்டிய கோணத்தின் அளவு நேரத்தோடு கூடும் என்பதில் சந்தேகமில்லை.

இரவில் படுவான்கரையிலிருந்து வர வண்டியில்லை என்று காத்திருந்தார்களா என்று கேட்டேன். இல்லை, மண்முனைப் பாலத்தால் த்ரீவீலரில் வந்திருக்கலாம், 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வந்திருக்கும். வயிற்று வருத்தத்துக்கு ஏன் அதையெல்லாம் என்று விட்டுவிட்டார்கள். பொத்துவில், மகாஓயாப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு உண்மையிலேயே தூரம் ஒரு பிரச்சினை. அங்கே முதலில் பார்க்கிற டொக்டர் கண் பிரிவுக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, தடை ஏதும் இல்லையென்றால் அசெட்டாசோலமைட்டும் டிமோலோல் சொட்டும் கொடுத்து, மல்லாந்து படுத்தபடி அனுப்பிவிட்டால் வழியிலேயே அழுத்தம் இறங்கத் தொடங்கும். கண்ணைக் கட்டக் கூடாது. விரித்துப் பார்க்கும் சொட்டு எதையும் விடக் கூடாது.

ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டு கண்ணும் ஒரே நாளில் இப்படி மங்கினால், அதிலும் இளம் வயதுக்காரருக்கு என்றால், என்ன குளிசை போடுகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். வலிப்புக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் கொடுக்கும் டொபிராமேட் தொடங்கிய முதல் சில கிழமைகளில் கண்ணின் உட்படை வீங்கி வில்லையை முன்னே தள்ளிக் கோணத்தை அடைக்கும். அங்கே பைலோகார்பின் நிலைமையை மோசமாக்கும், லேசர் துளையால் பயனில்லை. எழுதிக்கொடுத்த டொக்டரோடு பேசிக் குளிசையை நிறுத்துவதுதான் வழி.

கோணம் குறுகியிருப்பது குடும்பத்தில் ஓடும். அந்த அம்மாவிடம் கூடப்பிறந்தவர்களைக் கூட்டிவரச் சொன்னேன். தாயார் கடைசிக் காலத்தில் ஒரு கண் தெரியாமல் இருந்தார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது, காரணம் யாருக்கும் தெரியாது. இரண்டு சகோதரிமார் வந்தார்கள். தங்கைக்கு ஐம்பத்தைந்து வயது, பிளஸ் கண்ணாடி. பக்கவாட்டிலிருந்து, நிறத்திரைக்குச் சமாந்தரமாக டோர்ச் அடித்தபோது மூக்குப் பக்கப் பாதியில் நிழல் விழுந்தது. ஆழமான கண்ணில் வெளிச்சம் நிறத்திரை முழுவதும் பரவும், உப்பிய நிறத்திரை தன் மறுபக்கத்தை மறைத்துவிடும். கோணமும் குறுகல்தான், இரண்டு கண்ணுக்கும் லேசர் போட்டாயிற்று. அக்கா அறுபத்தெட்டு. தனக்கும் லேசர் போடச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். அவருக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்துச் சில வருடங்களாகின்றன, தடித்த வில்லை போனதோடு கோணமும் அகலத் திறந்துவிட்டது. துளை போட அங்கே வேலையில்லை என்று விளங்கப்படுத்தி அனுப்ப எனக்குப் பத்து நிமிடம் பிடித்தது.